மோதிர விரலுக்கு ஒரு கேரம் போர்டு

அத்தானோடு கடைக்குப் போவதைவிட டயர் வெடித்த பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போகலாம். நான் கண்டக்டர், அதையும் செய்து பார்த்தவள், அதனால்தான் சொல்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். ஒரு நாற்காலியைக் கண்டால் உட்காரமாட்டார், தடவிப் பார்ப்பார். அன்றைக்கு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்து, சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த கேரம் போர்டுகளைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. ஒன்றை வெளியே இழுத்தார். சட்டத்தைத் தட்டினார். மூக்கை வைத்து மோந்தார்.

“தேக்கு” என்றார், பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போன மாமியார் குரலில். “பாலிஷ் எப்படிப் போட்டிருக்கான் பாரு. முகம் தெரியுது.”

“முகம் பாக்க வீட்ல கண்ணாடி இருக்கு அத்தான். நாம வந்தது ஆடறதுக்குப் போர்டு வாங்க.”

“ஆடறதுக்குத்தான் சொல்றேன். வழவழன்னு இருந்தாத்தானே சறுக்கும்?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அவர் சுற்றுவட்டாரக் கேரம் போட்டிகளுக்கெல்லாம் நடுவராக உட்காருகிறவர். அதனால் எல்லோருக்கும் அவர் நடுவர்தான். பெற்ற தாய்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாராம்.

போர்டு யாருக்கு என்பதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அக்காவுக்குத்தான்.

அக்காவும் எங்கள் டெப்போவில்தான் வேலை பார்க்கிறாள், உதிரிபாக ஸ்டோரில். டெப்போ ஓய்வறையில் ஒரு கேரம் போர்டு உண்டு. டிரிப் முடிந்து வருகிறவர்கள், அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் கிடப்பார்கள். அங்கே அக்கா ராணி. நான் அடித்துப் பிளக்கிற ரகம், அவள் தடவி எடுக்கிற ரகம். அவள் அடித்தால் சத்தமே வராது, காய் மட்டும் குழிக்குள் போய்விடும். இரட்டையர் ஆட்டத்தில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் டிரைவர்கள் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்துபோவார்கள். வீட்டில் வாயைத் திறக்காத என் அக்கா, அந்தப் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் பேசுகிற பேச்சைக் கேட்கவேண்டும். “தம்பி, வண்டியைத்தான் ரிவர்ஸ் எடுக்கத் தெரியல, காயையாவது எடுங்க” என்பாள். சிரிக்காத ஆள் கிடையாது.

ஸ்டோர் தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு எலும்பு சேர்ந்துவிட்டது, எழுத முடிகிறது, குழம்பைக் கிளற முடிகிறது. ஆனால் சுண்டுகிற விரலில் வேகம் போய்விட்டது. முழுதாகத் திரும்புமா என்று கேட்டதற்கு மருத்துவர், “பழகப் பழகப் பார்க்கலாம்” என்று மட்டும்தான் சொன்னார்.

அவள் மறுபடியும் ஓய்வறைக்கு வந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் நாற்காலி போட்டேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது பாதிப் பலகையைத் தாண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்தால்தான் நம் கோட்டுக்குப் பின்னால் கிடக்கிற காயை எடுக்க முடியும். அவளுடைய பேர்பெற்ற அடியே அதுதான். அன்றைக்கு அது ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.

எங்கள் டெப்போ ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் தேவலை. எதிரே உட்கார்ந்திருந்த டிரைவருக்கு ‘பிரேக்’ என்று பட்டப்பெயர், கோழி குறுக்கே வந்தால்கூடப் பஸ்ஸை நிறுத்திவிடுகிற இளகிய மனசு. அவர், “அக்கா, அது கணக்கில்ல, கை தவறிப்போச்சு, திரும்ப அடிங்க” என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். அப்புறம் பவுடர் தூவுகிற சாக்கில், சட்டைக் கையால் அவளுடைய காய் ஒன்றைக் குழிப் பக்கம் நகர்த்திவிட்டார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். ஸ்ட்ரைக்கரை நடுவில் வைத்துவிட்டு எழுந்துபோய்த் தன் டீ கிளாஸைக் கழுவி வைத்தாள். அதன் பிறகு ஓய்வறைப் பக்கமே வருவதில்லை. நான் கூப்பிட்டால், “ஸ்டோர்ல வேலை இருக்குடி” என்பாள். ஒரு நட்டுகூட யாரும் கேட்டு வராத மத்தியான வேளையிலும் வேலை இருக்கிறது என்பாள். எனக்கு எரிச்சலாக வரும், அழுகையாகவும் வரும்.

ஆகவேதான் அத்தான் என்னிடம் வந்தார். “வீட்லயே ஒரு போர்டு வாங்கிப் போடுவோம். யாரும் பாக்காத இடத்துல அவ ஆடட்டும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீ கூட வா” என்றார். ஒன்றும் தெரியாது என்று சொன்ன மனிதர்தான் இப்போது தேக்குச் சட்டத்தை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

நடுவர் அந்தத் தேக்குப் போர்டை வாங்கி ஸ்டாண்டில் படுக்கவைத்தார். பளபளப்பான பலகைமேல் போரிக் பவுடரைத் தூவி, ஒரு ஸ்ட்ரைக்கரை அத்தான் கையில் கொடுத்தார். “அடிச்சுப் பாருங்க சார்.”

அத்தான் அடித்தார். ஸ்ட்ரைக்கர் பவுடரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போய்ச் சட்டத்தில் முட்டி, திரும்புகிற வழியில் துவண்டு நின்றது. அது போன தடத்தில் பலகை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“ஏன் இப்படி?” என்றார் அத்தான். அவர் போட்ட பாலிஷை யாரோ குறை சொன்ன மாதிரி முகம் வாடிவிட்டது.

“பாலிஷ் கனமா ஏறிட்டா பவுடர் தங்காது சார்” என்றார் நடுவர். “ஸ்ட்ரைக்கருக்கு அடியும் வழவழன்னு இருக்கு, பலகையும் வழவழன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். காத்துல ஈரம் இருந்தா இன்னும் மோசம். மங்கலான பூச்சா இருந்தா பவுடர் அங்கங்கே உக்காந்துக்கும், ஸ்ட்ரைக்கர் அதுமேல உருண்டு போற மாதிரி போகும்.”

“தேக்குக்கு என்ன குறை?”

“கட்டிலுக்குக் குறையே இல்ல. இங்க சட்டம் திருப்பி அடிக்கணும். தேக்கைவிட இறுகின மரம் வேணும். ஈட்டி, கருவேலம் மாதிரி. நல்லாக் காஞ்சிருக்கணும்.”

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தேன். “கேட்டுக்கிட்டீங்களா? இப்ப கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. இது என் ஏரியா.”

பிறகு நான் இறங்கினேன். விலை மலிவான ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், இலேசாக இருந்தது. விரல் முட்டியால் தட்டினால் சட்டத்தின் ஒரு பக்கம் கணீரென்றும் இன்னொரு பக்கம் தொப்பென்றும் கேட்டது. சட்டம் பலகையோடு சரியாக ஒட்டாத இடம் அது, அங்கே போய் மோதுகிற ஸ்ட்ரைக்கர் செத்துவிடும். ஓரமாக நகர்த்தி வைத்தேன். இன்னொன்றின் அடிப்பக்கத்தைத் திருப்பினேன், குறுக்குக் கட்டைகள் ஒல்லியாக இருந்தன. ஒரு மழைக்காலம் போதும், பலகை நடுவில் தொங்கிவிடும். டெப்போ போர்டுக்கு நேர்ந்ததும் அதுதான். அதன்மேல் டீ கிளாஸ் வைத்து வைத்தே நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்துக்குப் பழகிப்போய்விட்டதால் நாங்கள் யாரும் அதைக் குறையாகவே நினைத்ததில்லை.

கடைசியில் புத்தம்புது போட்டிப் போர்டு ஒன்று. அகலமான கருஞ்சட்டம், தடித்த ப்ளைவுட், மங்கலான பூச்சு. இரும்பு ஸ்கேலை மூலைக்கு மூலை நிறுத்தி வைத்துப் பார்த்தேன், அடியில் வெளிச்சமே வரவில்லை. பவுடர் தூவினேன். கையிருப்பில் கனமான ஸ்ட்ரைக்கர் எது என்று கேட்டு வாங்கினேன். கோட்டில் வைத்து ஒரு சுண்டு சுண்டினேன் பாருங்கள், அங்கே மோதி, இங்கே வந்து, மறுபடி அங்கே போய், மறுபடி வந்து, இன்னும் போகப் பார்த்தது.

“மூணரை ஓட்டம் ஓடினாலே நல்ல போர்டு” என்றார் நடுவர். “உங்க கைக்கு அதுக்கு மேலயே ஓடுதே அம்மா. டிக்கெட் கிழிச்ச கை.”

“இதைக் கட்டுங்க” என்றேன் நான். எனக்குப் பெருமையான பெருமை.

அத்தான் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தான், இன்னும் தேக்கு ஞாபகமா?”

“இல்ல” என்றார். “நீ அடிச்சா ஓடுது. அவ அடிச்சா?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “அவ அடிச்சா எவ்ளோ ஓடும்னு அவளைக் கூட்டிட்டு வந்தாத்தான் தெரியும். வருவாளா உங்க பொண்டாட்டி?”

“எனக்குத் தெரியும்” என்றார் அத்தான்.

அப்புறம் மெதுவாக, நடுவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலச் சொன்னார். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியைச் சுண்டிக்கொண்டிருப்பாளாம். முன்பெல்லாம் சும்மா விளையாட்டுக்குச் சுண்டினால் மூடி மேசையைத் தாண்டிப் போய்ச் சுவரில் அடிக்குமாம். இப்போது உப்பு ஜாடிவரைக்கும்தான் போகிறதாம். எழுந்துபோய் எடுத்துவந்து மறுபடியும் சுண்டுவாளாம். அவர் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வருவாராம். உடனே அவள் மூடியைப் பாட்டிலில் போட்டு மூடிவிடுவாளாம்.

“அவ தூங்கினப்புறம் நானும் சுண்டிப் பாத்தேன். என் வலது கை எந்த விரலும் சரிப்படல, எல்லாம் ஜாஸ்தி. இடது கையில பாத்தேன். மோதிர விரல்ல சுண்டினா கரெக்டா உப்பு ஜாடி. எத்தனை தடவை சுண்டினாலும் அங்கதான் நிக்குது. அவ்ளோதான் அவ வேகம்.”

இத்தனை வருஷமாக இந்த மனிதரை மரமண்டை என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பவுடர் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். என் அக்காவுக்கென்று போர்டு வாங்க வந்து, என் கைக்குப் பொருத்தமானதை எடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேனே!

“அடிங்க அத்தான்” என்றேன்.

அவர் இடது கையை வைத்து மோதிர விரலால் சுண்டினார். புத்தம்புது போட்டிப் போர்டில் ஸ்ட்ரைக்கர் போய் எதிர்ச் சட்டத்தைத் தொட்டது, தொட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது. நான் நடுவரைப் பார்த்தேன்.

விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. “முதல்ல அந்த ஸ்ட்ரைக்கரை மாத்துங்க” என்றார். “கனமானது வலுவான விரலுக்கு. கூட்டமா இருக்கிற காயைக் கலைக்க அது நல்லது. மெலிஞ்ச விரலுக்கு அதைக் கிளப்பவே பாதி தெம்பு போயிடும்.” ஒரு பெட்டியைத் திறந்து கண்ணாடி மேசைமேல் ஸ்ட்ரைக்கர்களைப் பரப்பினார். நான் ஒவ்வொன்றாகக் குப்புற வைத்து, விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். ஆடுகிறவற்றைத் தள்ளினேன். மிச்சமானவற்றை விளிம்பில் நிறுத்தி உருட்டினேன். நேராக உருண்டு போனவை தேறின. அவற்றில் எடை குறைந்த வெளிர்நீல ஸ்ட்ரைக்கர் ஒன்று, ஓரம் வழித்துவிட்ட மாதிரி நகத்தில் உறுத்தாமல் இருந்தது.

அதை வைத்து அத்தான் மறுபடியும் சுண்டினார். இந்த முறை திரும்பிக் கொஞ்ச தூரம் வந்தது. அவ்வளவுதான்.

“புதுப் பூச்சு அம்மா” என்றார் நடுவர். “ஆடி ஆடித் தேயணும். ஒரு வருஷம் ஆடினா இது சிட்டா பறக்கும்.”

“ஒரு வருஷம் எங்க அக்கா பாட்டில் மூடியைச் சுண்டிக்கிட்டு இருக்கணுமா?” எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “தேஞ்ச போர்டு ஒண்ணு கொடுங்க அப்ப!”

கோபத்தில்தான் சொன்னேன். நடுவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பழைய துணி சுற்றிய ஒரு போர்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். போன பருவத்துப் போட்டிகளில் ஆடியதாம். போட்டி முடிந்தால் அந்தப் போர்டுகளை விற்றுவிடுவார்களாம். துணியை எடுத்தார். கருவேலச் சட்டம், ஒரு மூலையில் நீளமாகக் கீறல், இன்னொரு பக்கம் நிறம் மங்கியிருந்தது. பலகை பார்க்க உப்புச் சப்பில்லாமல் வெளிறிக் கிடந்தது.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. “செகண்ட் ஹேண்டா? அவளுக்கா? கீறல் விழுந்ததையா கொண்டுபோய்க் கொடுக்கிறது?”

“அடிச்சுப் பாருங்க” என்றார் நடுவர்.

“ஊரே ஆடித் தேச்சதை...”

“அத்தான்! அடிங்க!”

கடைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை, என்ன செய்வது. அத்தான் வெளிர்நீல ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தார். இடது கை மோதிர விரல். சுண்டினார்.

சத்தமே இல்லை. அது போனது, எதிர்ச் சட்டத்தில் டக்கென்று ஒரு சின்ன ஒலி, திரும்பியது, நடு வட்டத்தைக் கடந்தது, கோட்டைக் கடந்தது, அத்தான் பக்கச் சட்டத்தை வந்து தொட்டு நின்றது.

மறுபடியும் அடித்தார். மறுபடியும் வந்தது. இடம் மாற்றி மாற்றி, சட்டத்தின் நீளம் முழுக்க அடித்துப் பார்த்தார். மூலை இணைப்புக்குப் பக்கத்தில்கூடச் சத்தம் மாறவில்லை. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பலகை மட்டமாக இருந்தது.

“இதுதான்” என்றார் அத்தான். அப்புறம் கீறலைத் தடவிக்கொண்டே, “இதை மட்டும் வீட்ல வச்சு லேசா ஒரு கோட்...” என்று ஆரம்பித்தார்.

“பிரஷ்ஷோட இந்தப் போர்டுகிட்ட உங்களைப் பாத்தேன், அக்காவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

அக்கா வீட்டுக் கூடத்தில் ஸ்டாண்டைப் போட்டு, அத்தான் தன் ரசமட்டத்தை வைத்துக் கால்களுக்கு அடியில் அட்டையைச் சொருகிப் போர்டைச் சரிசெய்து முடித்தபோது அக்கா வேலை விட்டு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“யாரைக் கேட்டு இதை வாங்கினீங்க?”

அத்தான் சமையலறைக்குள் நழுவிவிட்டார். வீராதிவீரர்.

“உன்னைக் கேட்டா வேண்டாம்பே. அதான் கேக்கல” என்றேன்.

“எனக்குன்னு ஈஸியா இருக்கற மாதிரி எதையாவது தேடிப் புடிச்சிருப்பே. குழந்தைங்க ஆடற போர்டா?”

“போட்டியில ஆடின போர்டுடி. நடுவர் கிட்டப் போய் நீயே கேளு. மரம், பலகை, ஓட்டம் எல்லாம் ரூல்படி இருக்கு. நாம ஆடிட்டு இருந்ததுதான் போர்டே இல்ல, பள்ளத்தாக்கு.”

அக்கா நம்பவில்லை. ஆனால் பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து சட்டத்தை விரலால் தட்டினாள், நான்கு பக்கமும். ஆட்டக்காரியின் கை சும்மா இருக்காது. பவுடரைத் தேய்த்துப் பார்த்தாள். வெளிர்நீல ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கையில் எடை பார்த்தாள்.

“சரி, உக்காரு” என்றாள். “ஒண்ணு சொல்லிடறேன். நீ ஒரே ஒரு காயை எனக்காக விட்டேன்னு தெரிஞ்சது, எழுந்து போயிடுவேன். அப்புறம் கேரம்ங்கற பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது.”

“உனக்கு எதுக்குடி நான் விடணும்? கோர்ட்ல கேஸ் நடக்கிற மாதிரி பேசறே. உக்காரு.”

பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னேன். அவள் தோற்றால் என்ன ஆகும்? ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோவாள், நாளைக்கு மறுபடியும் பாட்டில் மூடி. நான் விட்டுக்கொடுத்து அது தெரிந்துபோனால் அதைவிட மோசம். சரி, நடப்பது நடக்கட்டும், ஒழுங்காக ஆடுவோம் என்று என்னுடைய பழைய கனமான ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கறுப்பு, அவளுக்கு வெள்ளை.

முதல் அடியிலேயே அவள் முகம் மாறியது. ஸ்ட்ரைக்கர் போய் மோதித் திரும்பி வந்ததை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த அடியில் ஒரு வெள்ளை விழுந்தது. அதற்கடுத்ததில் இன்னொன்று.

எனக்கு என்ன நடந்தது தெரியுமா? அந்தப் போர்டில் என் ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. டெப்போ பள்ளத்தில் அடித்துப் பழகிய கை. இங்கே தொட்டால் பறக்கிறது. காயை வெட்டினேன், காய் குழியின் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிவிட்டு வெளியே வந்தது. கொஞ்சம் வேகமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் சட்டத்தைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு வந்தால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“டிக்கெட் வாங்காம இறங்கிடுச்சா?” என்றாள்.

மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுபோனது. எனக்குச் சந்தோஷப்பட நேரமில்லை, ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தது.

ஆனாலும் விட்டேனா? முட்டி மோதிச் சமாளித்துவிட்டேன். சிவப்பை அவள் எடுத்தாள், கூடவே வெள்ளையையும் போட்டுச் சொந்தமாக்கிக்கொண்டாள். கடைசியில் எனக்கு ஒரு கறுப்பு, அவளுக்கு ஒரு வெள்ளை. என் கறுப்பு எதிர் மூலைக் குழிக்குச் சற்றுத் தள்ளிச் சுகமாக உட்கார்ந்திருந்தது. அவளுடைய வெள்ளை அவள் கோட்டுக்குப் பின்னால், இடது குழியை ஒட்டிக் கிடந்தது. முறை என்னுடையது.

ஒரு கணம் தோன்றியது, மறைக்கமாட்டேன். தவறவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? நிமிர்ந்து பார்த்தேன். அக்கா போர்டைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போடி, உனக்கா நான் பிச்சை போடுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஜெயிக்கவேண்டும் என்றே அடித்தேன். முழு பலத்தோடு அடித்தேன். கறுப்பு குழியின் உதட்டில் பட்டுத் துள்ளி நடுவுக்கு வந்தது. ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் மோதி, நிதானமாக உருண்டு, இன்னொரு குழிக்குள் விழுந்தது. அதற்கு அபராதமாக ஏற்கெனவே எடுத்த ஒரு கறுப்பையும் திரும்ப நடுவில் வைக்கவேண்டும்.

“ஐயோ!” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா வெளிர்நீல ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள். சமையலறை வாசலில் அத்தான் கரண்டியும் கையுமாக நின்றிருந்தார், மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம். அவள் சுண்டினாள். ஸ்ட்ரைக்கர் போனது. எதிர்ச் சட்டத்தைத் தொட்டது. திரும்பி, அவசரமே இல்லாமல் கோட்டைக் கடந்து பின்னால் வந்து, வெள்ளையை மெல்லத் தள்ளியது. வெள்ளை குழிக்குள் விழுந்தது.

நியாயமாக நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “இது செல்லாது!” என்று கத்தினேன். “இந்த ஆட்டமே செல்லாது! இதெல்லாம் ஒரு போர்டா? அடிச்சா நிக்கமாட்டேங்குது! யாராவது இதுல ஆடுவாங்களா? பணத்தைத் திருப்பிக் கேக்கறேன் இருங்க, அந்த நடுவர் மண்டையை உடைக்கறேன்!” பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. என் கண்ணெல்லாம் எரிந்தது. தோற்றது பொறுக்கவில்லை எனக்கு, அதுதான் உண்மை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்துபோன என் முகத்தை, தள்ளிவிட்ட நாற்காலியை, எல்லாவற்றையும் பார்த்தாள். என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். என் கோபத்தில் எது நடிப்பு, எது நிஜம் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் உதடு கோணியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

“போர்டெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு” என்றாள். “உனக்குத்தான் கை சரியில்ல.”

சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்க ஆரம்பித்தாள்.